மூன்றாவது தரம்

போன மாதம் என் பெரிய மாமா ரிட்டயர் ஆனார். அரசு அலுவலகம் ஒன்றில் 34 வருஷம் ஃபைல்களோடு குடித்தனம் நடத்தியவர். பிரிவு உபசார விழாவில் குடும்பத்தின் சார்பாக ஐந்து நிமிஷம் பேச என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். "நீதான் பத்திரிகையில எழுதுறவனாச்சே!" என்றார்கள். எழுதுகிறவனுக்குப் பேசவும் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

நடுவில் ஒரு ஜோக்காவது வேண்டுமே? மாமாவுக்கு எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற வழக்கம் உண்டு. அதை வைத்து இப்படி எழுதினேன்: "வீட்டை விட்டுக் கிளம்பும்போது மாமா மூணு விஷயம் பார்ப்பார். கேஸ் மூடியிருக்கா, குழாய் மூடியிருக்கா, அத்தை வாய் மூடியிருக்கா."

வீட்டில் படித்துக் காட்டினேன். மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "அத்தை முன் வரிசையிலதானே உட்கார்ந்திருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் பேப்பரைக் கிழித்தேன். ஆனால் மகள் ஏன் சிரித்தாள் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஜோக் பழசு, அத்தைக்கு அது பொருந்தவும் இல்லை, அவர் அதிர்ந்து பேசாத மனுஷி. அப்படியும் சிரிப்பு வந்தது என்றால், அது அந்த 'மூணு' செய்த வேலை.

ஏலம் போடுவதைக் கேட்டிருப்பீர்கள். 'ஒரு தரம்' என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. 'ரெண்டு தரம்' என்றதும் கூட்டம் மூச்சைப் பிடிக்கிறது. அடுத்து என்ன வரும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஜோக்குக்கு வேண்டியதும் அந்த நிமிஷம்தான். ஒரு விஷயத்தைச் சொன்னால் அது வெறும் செய்தி. அதே ஜாதியில் இரண்டாவதைச் சொன்னதும் கேட்பவர் மனம் தானாக ஒரு கோடு போட்டு, மூன்றாவது எங்கே விழும் என்று முன்னாலேயே போய் நின்றுவிடுகிறது. அங்கே நாம் வேறொன்றைக் கொண்டுபோய் வைத்தால் 'அட!' என்று ஒரு தடுமாற்றம் வருகிறது. அதுதான் சிரிப்பு.

இந்தப் பழக்கம் காதுக்குப் புதிதும் இல்லை. ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள், முதல் இருவரும் தோற்பார்கள், கடைக்குட்டி ஜெயிப்பான் என்று எத்தனை கதை கேட்டிருக்கிறோம்! டென்மார்க் நாட்டு நாட்டார் கதை ஆய்வாளர் ஆக்ஸல் ஓல்ரிக், கதைகளில் மூன்று திரும்பத் திரும்ப வருவதையும், கடைசியில் வருபவனுக்கே கனம் கூடுவதையும் ஒரு விதியாகவே 1909-ல் எழுதினார். கதையில் மூன்றாமவன் ஜெயிக்கிறான். நகைச்சுவையில் மூன்றாவது சறுக்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, மாமாவுக்கு வருவோம். அத்தையை விட்டுவிட்டு மாமாவையே மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் உண்டு. ஒரு நாள் காலையில், வீடு காலி என்று நினைத்து, அத்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஆபீஸ் போய்விட்டார் மாமா. அதைச் சேர்த்தேன்: "மாமா கேஸை மூடுவார், குழாயை மூடுவார், அத்தையை உள்ளே வைத்து வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் போவார்."

சொல்லிப் பார்த்தால் சப்பென்று இருந்தது. காரணம் பிடிபட கொஞ்ச நேரமானது. நம் தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வந்து உட்காரும். 'அத்தை' என்ற இடத்திலேயே வெடி வெடித்துவிட்டது. அதற்குப் பிறகும் கதவு, பூட்டு, போவார் என்று நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். சிரிக்க நினைப்பவர்கூட, 'இவன் முடிக்கட்டும்' என்று வாயை அடக்கிக்கொள்வார். அப்படி அடக்கிய சிரிப்பு திரும்ப வருவதில்லை. ஆகவே வரிசையை மாற்றினேன்.

"மாமா கேஸை மூடுவார். குழாயை மூடுவார். வாசல் கதவைப் பூட்டுவார். உள்ளே அத்தை!"

'இருப்பார்' என்ற வினையையும் வெட்டி எறிந்தேன். கதவு வரைக்கும் கோடு நேராகவே போகிறது. மூன்றாவதும் ஒழுங்காக முடிந்தது என்று நினைக்கும்போது, கடைசிச் சொல்லில் கால் இடறுகிறது.

குழாயை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "கேஸை மூடுவார், கதவைப் பூட்டுவார், உள்ளே அத்தை" என்றால் யாரோ விபத்துச் செய்தி சொல்வதுபோல் இருக்கிறது. கோடு போடவே நேரம் கொடுக்கவில்லை. பிறகு ஃபேன், லைட், ஜன்னல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். மகள் மூன்றாவது ஐட்டத்திலேயே "ஏதோ வரப்போகுது" என்று உஷாராகிவிட்டாள். உஷாரானவரைத் தடுக்கி விழ வைக்க முடியாது. 'மூணு விஷயம்' என்று முதலிலேயே எண்ணிக்கை சொல்வதும் அதே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது, அதையும் எடுத்தேன்.

இன்னொன்று, முதல் இரண்டும் மொக்கையாகவே இருக்கட்டும். கேஸ், குழாய் என்பதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அதுதான் அவற்றின் தகுதி. குழாய்க்குப் பதிலாக நான் ஒரு வேடிக்கையான சங்கதியைப் போட்டிருந்தால் சபை அங்கேயே சிரித்து, மூன்றாவதுக்கு மிச்சம் வைத்திருக்காது. சொல்லி முடித்ததும் யாராவது "அப்புறம்?" என்று கேட்டால், மூன்றாவது போதுமான அளவு விலகவில்லை, அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்றில்தான் எல்லாச் சிரிப்பும் இருக்கிறது என்று சொல்லவில்லை. 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழ காமெடியில் இருப்பது இரண்டே பழம். அங்கே கவுண்டமணி எத்தனை விதமாகக் கேட்டாலும் செந்திலிடமிருந்து அதே பதில் மாறாமல் வருகிறது. இந்தத் தடவையாவது மாறும் என்று நாம் எதிர்பார்க்க, மாறாமல் இருப்பதே சிரிப்பாகிறது. அது வேறு கணக்கு. அதற்கு அந்த இரண்டு பேர் வேண்டும். என்னைப் போன்ற ஐந்து நிமிஷப் பேச்சாளருக்கு மூன்றுதான் கட்டுப்படியாகும்.

விழா அன்று எனக்கு முன்னால் பேசியவர், "இனிமே வீட்டுக்காரம்மாதான் இவருக்கு ஆபீசர்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார். என் பேப்பரில் இருப்பதும் அத்தையைப் பற்றியதுதானே என்று எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

என் முறை வந்தது. கேஸ், குழாய், வாசல் கதவு. அங்கே ஒரு நொடி நிறுத்தினேன். "உள்ளே அத்தை!"

ஹால் சிரித்தது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன் வரிசையிலிருந்து, அதிர்ந்து பேசாத அத்தையின் குரல்:

"சாவியும் அவர் பாக்கெட்லதான் இருந்துச்சு!"

எனக்குக் கிடைத்ததைவிட இரண்டு மடங்கு சிரிப்பு. பட்டியலை நீட்டக் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன், வாபஸ் வாங்கவில்லை. அத்தை பட்டியலை நீட்டவில்லை. பூட்டிய கதவை எல்லோரும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாலே சொல்லில் அதன் மேல் ஏறி நின்றார். ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லியிருந்தால் அது வெறும் தகவல்.

மாமா மேடையிலேயே சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு தடவை.