முப்பது நொடியில் ஒரு கல்யாண மண்டபம்

மண்டப அலங்காரமும் சமையலும் சேர்த்து காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் இப்போதெல்லாம் விசிட்டிங் கார்டு நீட்டுவதை விட, ஒரு ரீல் அனுப்பி வைப்பதுதான் அதிகம். நானும் நிறைய பார்த்துவிட்டேன். பெரும்பாலும் ஒரே அச்சு. ஒரு மேடைப் படம் வரும், மெதுவாகப் பெரிதாகும். பக்கம் புரள்கிற மாதிரி ஒரு எஃபெக்ட். அடுத்த மேடை, அதுவும் மெதுவாகப் பெரிதாகும். நடுவில் திடீரென்று ஒரு வாழை இலைச் சாப்பாடு. மறுபடி மேடை. பின்னால் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு. இருபது படம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நொடி, முடிந்தது.

இது அழகாக இல்லை என்பது என் புகார் அல்ல. சில படங்கள் நிஜமாகவே அழகாக இருக்கின்றன. என் புகார், இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதுதான்.

பி.காம்-இல் சர்வீசஸ் மார்க்கெட்டிங் பற்றிப் படிக்கும்போது முதலில் சொல்லித் தருவது, சேவையை வாங்கும் முன் தொட்டுப் பார்க்க முடியாது என்பது. புடவை என்றால் கடையில் விரித்துப் பார்க்கலாம். கல்யாணச் சாப்பாட்டை அப்படிப் பார்க்க முடியாது. முகூர்த்த நாளில்தான் தெரியும், அப்போது திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அதனால் பெண் வீட்டுக்காரர் ரீலைப் பார்க்கும்போது அவர் மனதில் ஓடும் கேள்விகளே வேறு. இந்த மேடை இவர் போட்டதுதானா, இல்லை நெட்டில் எடுத்த படமா? பூ நிஜமா, பிளாஸ்டிக்கா? கடைசிப் பந்திக்கும் பாயசம் வருமா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட ஸ்லைடு ஷோ பதில் சொல்வதில்லை. நெட்டில் பொறுக்கிய இருபது படத்தையும் அதே மாதிரி கோர்க்க முடியும் அல்லவா!

திண்டுக்கல் பக்கம் இந்தத் தொழில் செய்யும் என் மாமாவிடம் ஒரு பார்ட்டி நேராகவே கேட்டுவிட்டார்கள், "இதெல்லாம் நீங்க பண்ணினதுதானுங்களா?" என்று. அவர் பதினைந்து வருடமாக ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பூக்கட்டும் மனிதர். அந்த ஆர்டர் கிடைக்கவில்லை. அதற்கு ரீல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், விலையும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி.

ஆகவே ரீல் காட்ட வேண்டியது முடிந்த மேடையை அல்ல, மேடை உருவானதை. திரையில் ஒரு மாற்றம் நடக்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. ஒரு போன், ஒரு ட்ரைபாட், தரையில் ஒட்ட கொஞ்சம் டேப் போதும். மண்டபத்தின் நடு நடையில், மேடை முழுதும் தெரியும் இடத்தில் டேப்பால் ஒரு குறி போட்டுவிட வேண்டும். வெறும் மேடையை அங்கிருந்து பத்து நொடி எடுக்க வேண்டும். சட்டம் நிறுத்தித் துணி கட்டியதும் அதே குறியில் நின்று பத்து நொடி. பூ பாதி ஏறியதும் பத்து நொடி. எல்லாம் முடிந்து, விளக்கைப் போடுவதற்கு முன்பே ரெக்கார்டிங்கை ஆரம்பித்து, விளக்கு எரிந்த பிறகும் கொஞ்ச நேரம் விட வேண்டும். போனின் உயரமும் மாறக் கூடாது, ஜூமும் மாறக் கூடாது. அப்போதுதான் இவற்றை ஒட்டும்போது மண்டபத்துச் சுவரும் தூணும் அசையாமல் நிற்கும், மேடை மட்டும் வளரும். போனை வேறு இடத்தில் வைத்து எடுத்தால் அது நாலு தனிப் படம், அவ்வளவுதான்.

மாமாவின் முகூர்த்த ஆர்டர் ஒன்றை வைத்து, முப்பது நொடிக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டத்தைச் சொல்கிறேன். முதலில் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்த குட்டியானையின் தார்ப்பாயைத் தூக்குவது, இரண்டு நொடி. உள்ளே செவ்வந்தியும் சம்பங்கியும் மூட்டையாகத் தெரிந்தால் பூ நிஜமா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பிறகு வெறும் மேடை இரண்டு நொடி, பாதி மேடை ஒன்றரை நொடி, சரத்தைச் சட்டத்தில் கட்டும் விரல்கள் மட்டும் இரண்டரை நொடி. அதன் பின் முழு மேடை இருட்டில் நிற்கும், விளக்கு எரியும். இதற்கு மூன்று நொடி கொடுக்கலாம். இதுவரை பதினொன்று.

இனிதான் சிக்கலான இடம். அலங்காரத்திலிருந்து சாப்பாட்டுக்கு எப்படிப் போவது? பெரும்பாலான ரீல்கள் இங்கேதான் இரண்டு ஃபைலை ஒட்டிய மாதிரி ஆகிவிடுகின்றன. எஃபெக்ட் போட்டு மறைக்கப் பார்ப்பார்கள், ஒட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். இதற்கு வழி மண்டபத்திலேயே இருக்கிறது. மேடைக்கு முன்னால் சிவப்புக் கார்ப்பெட்டை உருட்டி விரிப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி மேசை மேல் பேப்பர் ரோலை இழுத்து விரிப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி வேலை. இரண்டையும் இடமிருந்து வலமாக எடுத்து, கார்ப்பெட் பாதி விரியும்போது வெட்டி, பேப்பர் பாதி விரிந்திருக்கும் இடத்தில் சேர்த்தால், கண் அந்த வெட்டைக் கவனிக்காது. ஒரே கை இரண்டையும் விரித்த மாதிரி இருக்கும். இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம், அசைவு நடந்துகொண்டிருக்கும்போது வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அசைவு முடிந்த பிறகு வெட்டினால் ஒவ்வொரு துண்டும் படமாக உறைந்து, மறுபடி ஸ்லைடு ஷோ வாடை அடிக்கும். கார்ப்பெட்டுக்கும் பேப்பருக்கும் இரண்டிரண்டு நொடி.

அடுத்து இலை போடுவது ஒன்றரை நொடி. இலை விழும்போதே கடுகு வெடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பிக்க வேண்டும். பிறகுதான் அண்டாவில் தாளிப்பைக் கொட்டும் காட்சி வரும், இரண்டு நொடி. சத்தம் முன்னால் ஓடி வந்து அடுத்த காட்சியைக் கையைப் பிடித்து இழுத்து வரும். பாட்டு மட்டும் போட்டால் இந்த வசதி போய்விடும். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் அக்கவுண்ட் வைத்திருப்பவர்களுக்குச் சினிமாப் பாட்டுகள் பல கிடைப்பதும் இல்லை. அதனால் கரண்டிச் சத்தத்தை நம்புவது பல வகையில் நல்லது.

அதன் பிறகு ஏழு நொடி, வெட்டே இல்லாமல், சாம்பார் வாளியோடு போகிறவர் பின்னால் பந்தி நெடுக நடப்பது. ரீலிலேயே நீளமான காட்சி இதுதான், நான் விட்டுக்கொடுக்காத காட்சியும் இதுதான். இத்தனை பேருக்கு, இத்தனை வேகத்தில், வரிசை குலையாமல் பரிமாறுகிறோம் என்பதை எந்த புகைப்படமும் சொல்ல முடியாது. முடிந்தால் இதைக் கடைசிப் பந்தியில் எடுக்கச் சொன்னேன். முதல் பந்தியில் எல்லா காண்ட்ராக்டரும் நன்றாகத்தான் பரிமாறுவார்கள் :-) கடைசியாக நிறைந்த ஒரு இலை இரண்டரை நொடி, பெயரும் ஊரும் இரண்டு நொடி. கணக்கு முப்பது.

"முப்பது கல்யாணம் பண்ணியிருக்கேன் மாப்ள, ஒண்ணைக் காட்டினா ஒண்ணுதான் பண்ணியிருக்கான்னு நெனைப்பாங்க" என்றார் மாமா. அவர் கவலை புரிகிறது. ஆனால் முப்பதையும் ஒரே ரீலில் திணித்தால் ஒன்றும் நிற்காது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு ரீல் என்று போட்டால் பக்கத்தைத் திறக்கிறவர் முப்பதையும் பார்ப்பார். இல்லை, எல்லாவற்றையும் ஒரே ரீலில் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உதாரணமாக விளக்கு எரிவது. ஆறு மண்டபம், ஒவ்வொன்றும் மேடை நடுவில் வருகிற மாதிரி, ஒவ்வொன்றிலும் இருட்டு போய் வெளிச்சம் வருவது. இடம் மாறும், செயல் மாறாது. கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நூல் கிடைக்கும்.

விளக்கு என்றதும் ஒன்று. மேடையை வீடியோ எடுத்தால் சில சமயம் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும், அல்லது விளக்கு துடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் போனுக்கு இந்தத் தாளம் ஒத்துப்போவதில்லை. 25 பிரேமுக்கு மாற்றி, ஷட்டரை 1/50-இல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். (ஐபோனில் 25 பிரேம் வர, கேமரா செட்டிங்கில் Show PAL Formats என்பதைப் போட வேண்டும்.) மலிவான எல்இடி சரங்கள் சில இதற்கும் மசியாது. அதனால் ஆரம்பத்திலேயே ஐந்து நொடி எடுத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

பழைய கல்யாணங்களுக்குப் படம் மட்டும்தான் இருக்கிறது, என்ன செய்வது என்றால், முதலில் படுக்கைவாட்டுப் படத்தை அப்படியே போடுவதை நிறுத்த வேண்டும். ரீல் திரை 1080-க்கு 1920. அதில் ஒரு படுக்கைப் படம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் இடம் பிடிக்கும். மேலும் கீழும் மங்கலாக நிரப்பியிருப்பதைப் பார்த்த உடனே ஸ்லைடு ஷோ என்று தெரிந்துவிடும். போட்டோகிராபரிடம் ஒரிஜினல் ஃபைல் வாங்கினால் நெட்டுவாக்கில் வெட்டியும் திரை நிறையும். ஓரத்துப் பூக்கூடையில் ஆரம்பித்து மெல்ல நகர்ந்து நடுவிலுள்ள ஊஞ்சலில் நிறுத்தலாம். வாட்ஸப்பில் சுருங்கி வந்த படத்தில் இதைச் செய்தால் எல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். அப்படியும் ஒரு ரீலில் இரண்டு படத்துக்கு மேல் நான் வைக்க மாட்டேன், அதுவும் அசையும் காட்சிகளுக்கு நடுவில்தான்.

கார்ப்பெட்டும் பேப்பரும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. எடுக்கும்போது திசை தவறிவிட்டால் எடிட்டிங்கில் ஒரு காட்சியைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் போட்டுச் சரிசெய்வது வழக்கம். கார்ப்பெட்டைத் திருப்பினால் யாருக்கும் தெரியாது, பெயர்ப்பலகை திரையில் இல்லாத வரைக்கும். பந்தியை மட்டும் திருப்பவே கூடாது. இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு வலது பக்கம் போய்விடும், பந்தியே இடது கையால் சாப்பிடும், பரிமாறுகிறவர் கரண்டியும் இடது கைக்கு மாறிவிடும். எடிட்டிங் பற்றி ஒன்றும் தெரியாத பாட்டிகூட அதை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.