அணைந்த கறுப்பும் மங்கிய கறுப்பும்

ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதிகளில் பலருக்குக் கைபேசியே நூலகம். அங்கே வாய்மொழியாகப் பரவும் ஓர் அறிவுரை உண்டு: ஓ.எல்.இ.டி. திரை என்றால் பின்னணியை முழுக் கறுப்பாக்கிவிடு, மின்கலம் நீடிக்கும். அதைப் பின்பற்றும் மாணவர் ஒருவர் இரவில் பக்கத்தை உருட்டும்போது எழுத்துக்கும் படத்துக்கும் பின்னே கறுப்பு இழுபடுவதைக் காண்கிறார். திரை பழுதாகிவிட்டது என்று அஞ்சிப் பழுதுபார்ப்புக் கடைக்குச் செல்கிறார். அந்த அறிவுரை அரை உண்மை. இந்த அச்சம் பெரும்பாலும் பிழை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. ‘கறுப்பு’ என்ற ஒரே சொல்லால் அணைந்த பிக்சலையும் மங்கி எரியும் பிக்சலையும் சேர்த்துச் சுட்டுவதே அது.

முதலில் அரை உண்மையைப் பார்க்கலாம். எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்போதும் எரிகிறது. கறுப்பு என்பது அவ்விளக்கை மறைப்பது மட்டுமே. ஆகவே அங்கே கறுப்புப் பின்னணியால் சேமிப்பு ஏறத்தாழ இல்லை. ஓ.எல்.இ.டி.யிலோ ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. #000000 என்று எழுதப்படும் முழுக் கறுப்பில் அதற்கு மின்னோட்டமே செல்வதில்லை. சேமிப்பு உண்மைதான். எவ்வளவு என்பதே கேள்வி.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. அவர்கள் ஆண்ட்ராய்டில் பரவலாகப் பயன்படும் ஆறு செயலிகளை வெள்ளை, இருள் ஆகிய இரு தோற்றங்களிலும் அளந்தனர். திரையின் ஒளிர்வு 100 விழுக்காடாக இருந்தபோது டார்க் மோடு சராசரியாக 39 முதல் 47 விழுக்காடு மின்னாற்றலைச் சேமித்தது. ஒளிர்வு 30 முதல் 50 விழுக்காடாக இருந்தபோது சேமிப்பு 3 முதல் 9 விழுக்காடு மட்டுமே. மே மாத நண்பகலில் கச்சிபௌலிச் சாலையில் ஒளிர்வை உச்சத்துக்கு ஏற்றி வாசிப்பவருக்கு டார்க் மோடு பெரும் பயன் தரும். விளக்கணைத்த விடுதி அறையில் ஒளிர்வைத் தாழ்த்தி வாசிப்பவருக்கு அது தருவது சொற்பமே. அறிவுரை சொல்வோர் முதல் எண்ணைக் காட்டி இரண்டாமவரை நம்பவைக்கின்றனர்.

இனி கறுப்புத் தீற்றல். அணைந்த பிக்சலை எழுப்புவதற்குக் காலம் தேவை. ஒவ்வொரு துணைப்பிக்சலும் ஒளி உமிழும் பொருளாக இருப்பதோடு ஒரு சிறு மின்தேக்கியாகவும் நடந்துகொள்கிறது. அது ஒளிரத் தொடங்க, அதன் மின்னழுத்தம் ஒரு தொடக்க அளவை எட்டவேண்டும். முழுக் கறுப்பிலிருந்து வெண்மைக்குச் செல்லும்போது மின்னோட்டம் மிகுதியாகப் பாய்வதால் அது விரைவில் நிரம்புகிறது. முழுக் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்குச் செல்லும்போதோ மின்னோட்டம் மிகக் குறைவு, நிரம்புவதற்குத் தாமதமாகிறது. குடத்தை ஆற்றில் முக்கி எடுப்பதற்கும் ஊற்றில் சிறு அகப்பையால் மொண்டு நிறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. பிக்சலை இயக்கும் டிரான்சிஸ்டரும் தன் முந்தைய நிலையின் சாயலைச் சற்றே சுமந்திருப்பதால், கறுப்புக்குப் பின் வரும் முதல் சட்டகம் குறைந்த ஒளியுடன் தோன்றுகிறது. அணைவது விரைவு, எழுவது தாமதம். அதனால் பக்கம் நகரும்போது கறுப்பு தன் எல்லையைத் தாண்டி அடுத்த பகுதிக்குள் நீள்கிறது. சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்கள் ஒரே வேகத்தில் எழுவதில்லை. ஆகவே சில திரைகளில் அத்தீற்றலில் ஊதாச் சாயலும் தென்படும்.

எழுத்துக்கு இதனால் நேர்வதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். திரை நொடிக்கு 60 சட்டகம் காட்டுகிறது. ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லி நொடி. வாசகர் நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில், அதாவது நிதானமாக, மேல்நோக்கி உருட்டுகிறார் என்று கொள்வோம். சட்டகத்துக்கு 10 பிக்சல் நகர்வு. ‘க்’ என்னும் எழுத்தின் செங்குத்துக் கோடு 30 பிக்சல் உயரம் எனில், அதன் வழியில் உள்ள ஒரு பிக்சல் மூன்று சட்டகங்களுக்குத் தொடர்ந்து எரியும். முதலில் மங்கினாலும் பின்னர் தேறிவிடும். மேலுள்ள புள்ளியோ 5 பிக்சல் உயரம்தான். அதன் வழியில் உள்ள பிக்சலுக்குக் கிடைப்பது அதிகம் போனால் ஒரே சட்டகம். அதற்குள் அது முழு ஒளியை எட்டாவிட்டால் புள்ளி மங்கும். மங்கிய சாம்பல் எழுத்தைத் தாழ்ந்த ஒளிர்வில் உருட்டும்போது ‘க்’ என்பது ‘க’வை நெருங்கும். இதே நகரில் உருது வாசிப்போருக்கு இழப்பு இன்னும் கூடுதல். அவ்வரிவடிவில் பல எழுத்துகளை வேறுபடுத்துவதே நுக்தா எனப்படும் புள்ளிகள்தாம். 120 ஹெர்ட்ஸ் திரை வாங்கினால் தீரும் என்பதும் சரியன்று. சட்டகத்தின் காலம் 8.3 மில்லி நொடியாகச் சுருங்குமே தவிர, பிக்சல் நிரம்பும் வேகம் அதனால் கூடுவதில்லை.

இங்கேதான் அந்த அறிவுரை முற்றிலும் தோற்கிறது. சேமிப்பு மிகுந்திருப்பது உச்ச ஒளிர்வில். தீற்றல் மிகுந்திருப்பது தாழ்ந்த ஒளிர்வில். இரவு வாசகர் 3 முதல் 9 விழுக்காட்டுக்காகத் தீற்றலை ஏற்கிறார். அந்தச் சிறு சேமிப்புக்கும் முழுக் கறுப்பு தேவையில்லை. கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு வழிகாட்டி இருண்ட பின்னணிக்குப் பரிந்துரைத்தது #121212 என்னும் அடர்சாம்பல். 255இல் 18 என்பது அதன் மதிப்பு. திரையின் காமா 2.2 எனக் கொண்டு கணக்கிட்டால், அதன் ஒளி வெண்மையின் ஒளியில் ஏறத்தாழ 0.3 விழுக்காடு. அதாவது வெள்ளையிலிருந்து முழுக் கறுப்புக்கு மாறுவதால் ஒளியில் மிச்சமாகும் நூறு பங்கில் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் #121212 தந்துவிடுகிறது. எஞ்சிய துளிக்காகப் பிக்சல்களை உறங்கவைத்து உறங்கவைத்து எழுப்புவதைச் சிக்கனம் என்பது தகாது.

மறுப்பு ஒன்று எழலாம்: அடர்சாம்பலிலும் தீற்றல் உண்டல்லவா? உண்டு. ஒளிர்வை அடிமட்டத்துக்குக் குறைத்தால் #121212உம் தொடக்க அளவுக்கு மிக அருகே சென்றுவிடும்; தீற்றல் குறையுமே தவிர முற்றாக மறையாது. சில திரைகளில் அந்நிலையில் சாம்பல் திட்டுத்திட்டாகவும் தெரியும். திரைக்குத் திரை அளவும் மாறும். மின்னோட்டத்தைக் குறைக்காமல் விரைந்து அணைத்தணைத்து எரிப்பதன் மூலம் ஒளிர்வைத் தாழ்த்தும் கைபேசிகளில் தீற்றல் மட்டாகவே இருக்கும். இவை வரம்புகள், முழுக் கறுப்புக்குச் சார்பான வாதங்கள் அல்ல.

பழுதா இயல்பா என்று அறியக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. இருண்ட அறையில் ஒளிர்வைக் குறைத்து, #000000 பின்னணியில் சாம்பல் நிறப் படம் ஒன்றை உருட்டிப் பார்க்கவேண்டும். பின் ஒளிர்வை உச்சத்துக்கு ஏற்றியும், பின்னணியை #121212 ஆக்கியும் அதையே செய்யவேண்டும். இரண்டிலும் தீற்றல் தணிந்தால் திரை நலமாகவே இருக்கிறது. உருட்டலை நிறுத்திய பின்னும் நிழல் நிலைத்து நின்றால் அது வேறு நோய். பிக்சல் தேய்வாக இருக்கலாம். திரைப்பிடிப்பை எடுத்துக் காட்டிப் பயனில்லை. தீற்றல் நிகழ்வது கண்ணாடிக்கு அடியில், கோப்பில் அன்று.

செயலி அமைப்போர் ‘கறுப்பு’ என்ற ஒற்றைத் தெரிவை வைத்து ஒதுங்கிவிடாமல், அணைந்த கறுப்பு, மங்கிய கறுப்பு என இரண்டையும் வேறு பெயரிட்டு வைக்கட்டும். அறிவுரை சொல்வோரும் இரண்டில் எதை, எந்த ஒளிர்வில் என்று சேர்த்தே சொல்லட்டும்.