வாடகைதாரரா, விருந்தினரா?

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கத் தமிழகத்திலிருந்து தில்லி செல்லும் இளைஞர்கள் முதலில் தேடுவது தங்குமிடம். முகர்ஜி நகரிலும் பழைய ராஜிந்தர் நகரிலும் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'பேயிங் கெஸ்ட்' விடுதியின் பகிர்வு அறையில் ஒரு கட்டில் மட்டுமே. அதற்காகக் கையெழுத்திடும் தாள் வாடகை ஒப்பந்தம் அல்ல என்பதைப் பலரும் அறிவதில்லை.

வாடகை என்பது, இடத்தைத் தன் வசம் வைத்து அனுபவிக்கும் உரிமை. உரிமம் என்பது, பிறர் வசமுள்ள இடத்தில் இருப்பதற்கான அனுமதி மட்டுமே. ஒப்பந்தத்தின் பெயரல்ல, அதன் உள்ளடக்கமே எது என்பதைத் தீர்மானிக்கும் என்று 1959-இல் உச்சநீதிமன்றம் கூறியது. சாவி உரிமையாளரிடம், உணவு அவர் சமையலறையில், உடன் தங்குபவரைத் தேர்ந்தெடுப்பதும் அவரே என்றால் அது உரிமமே.

ஒரு மாணவர், மூவர் அறையில் ஒரு கட்டிலுக்கு மாதம் ரூ. 9,000-மும் அதே அளவு முன்பணமும் செலுத்தியிருப்பதாகக் கொள்வோம். ஆறு மாதத்துக்குள் தாமாக வெளியேறினால் முன்பணம் திரும்பாது என்பது நிபந்தனை. மூன்றாம் மாதம் 10-ஆம் தேதி, இரவு தாமதமாக வந்ததற்காக அவரை உடனே வெளியேறச் சொல்கிறார் உரிமையாளர்.

மாத வாடகைதாரராக இருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின்படி அவருக்கு 15 நாள் அறிவிப்பு தர வேண்டும். உரிமதாரருக்கு அந்தக் காப்பு இல்லை. ஆனால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அவரை நடுத்தெருவில் விட்டுவிடவில்லை. உடைமைகளுடன் வெளியேற நியாயமான அவகாசம் தரப்பட வேண்டும் என்கிறது அதன் 63-ஆவது பிரிவு. தன் தவறின்றி வெளியேற்றப்பட்டால் இழப்பீடு கோரலாம் என்கிறது 64-ஆவது பிரிவு.

'தன் தவறின்றி' என்ற சொற்களில்தான் விடுதி விதிகளின் முக்கியத்துவம் இருக்கிறது. இரவு 10 மணிக்குக் கதவடைப்பு, மீறினால் வெளியேற்றம் என்று எழுதப்பட்டு அவர் கையெழுத்திட்டிருந்தால் வழக்கு பலவீனமாகும். சுவரில் பின்னாளில் ஒட்டிய விதி என்றால் அவர் தரப்பே வலுவானது. முன்பணம் ரூ. 9,000, எஞ்சிய 20 நாள்களுக்கு ரூ. 6,000 என ரூ. 15,000 கோரலாம். அவர் தாமாக வெளியேறவில்லை என்பதால் ஆறு மாத நிபந்தனை இங்கே பொருந்தாது.

அதற்கு உரிமையியல் நீதிமன்றம் மட்டுமே வழியல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, உணவும் உறைவிடமும் அளிப்பதைச் சேவையாகக் கருதுகிறது. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்கவும் அனுமதிக்கிறது. ஊர் திரும்பிய மாணவர் தம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். கட்டண ரசீதும் கையெழுத்திட்ட விதிகளின் நகலும் கையில் இருக்க வேண்டும்.

மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்துக்கு இரு மாத வாடகையை உச்சவரம்பாக்கியது. ஆனால், தங்கும் விடுதிகளை அது தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. விதிகளை எழுத்தில் தருவதையும் வெளியேற்றத்துக்கான அறிவிப்புக் காலத்தையும் விடுதிகளுக்குக் கட்டாயமாக்கும் தனிச் சட்டப் பிரிவே இந்த இடைவெளியை அடைக்கும்.