'பாத்துப் பண்ணியிருக்கணும்' என்கிற பொய்

போத்தனூரிலிருந்து குறிச்சி சிட்கோ பக்கம் போகும் தெருக்களில், ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் மோல்டிங் மிஷின் போட்டு ஓட்டும் பட்டறைகள் உண்டு. பம்புக்கு ஃபேன் கவர், மோட்டாருக்கு டெர்மினல் பாக்ஸ், கிரைண்டருக்குக் கைப்பிடி என்று கோவைக்குப் பேர் வாங்கித் தந்த சாமான்களின் சில்லறைப் பாகங்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் உருவாகின்றன. அங்கே ஒருவருக்கு விரல் போனால் முதலாளியும் சூப்பர்வைசரும் சொல்வது ஒரே வாக்கியம்: "பாத்துப் பண்ணியிருக்கணுமுங்க." சில சமயம் அடிபட்டவரின் சொந்தக்காரரே அதைத்தான் சொல்கிறார். ஐந்து நிமிடத்தில் விசாரணை முடிந்து, அன்று சாயங்காலமே மிஷின் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

கவனமாக இருப்பவனுக்கு இந்த மிஷினால் ஆபத்தில்லை என்ற இந்த நம்பிக்கை, தப்பு என்பதோடு நிற்காமல் அடுத்த விரலையும் கேட்கிறது. அது ஏன் தப்பு என்பதற்கு மிஷினே சாட்சி.

நம்மூரில் சாதாரணமாகக் காணும் 150 டன் மிஷினை எடுத்துக்கொள்வோம். டையின் இரண்டு பாதிகளையும் அது 150 டன் விசையில் அழுத்திப் பிடிக்கிறது. அந்த இடத்துக்கும் ஆபரேட்டரின் கைக்கும் நடுவே இருப்பது முன்பக்கத்து கேட். கேட்டைத் திறந்தால் மூன்று காரியங்கள் ஒன்றையொன்று நம்பாமல் தனித்தனியே நடக்க வேண்டும். லிமிட் சுவிட்ச் விடுபட்டு, டையை மூடச் சொல்லும் மின்சார உத்தரவு நிற்க வேண்டும். கேட்டோடு சேர்ந்து நகரும் ஒரு வால்வு, மூடும் பக்கத்துக்கு எண்ணெய் போகாமல் தடுக்க வேண்டும். மேலிருந்து ஓர் இரும்புத் தடை விழுந்து, பல் வெட்டிய கம்பியில் மாட்டி, பிளேட்டன் நகர முடியாமல் குறுக்கே நிற்க வேண்டும். மின்சாரம் ஏமாற்றினால் ஹைட்ராலிக், அதுவும் ஏமாற்றினால் இரும்பு. ஆள் ஒருநாள் மறப்பான், சுவிட்ச் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. இந்த மிஷின்களுக்கென்றே 2020இல் வந்த ஐஎஸ்ஓ 20430 தரமும், ஆளின் கவனத்தை நம்பாமல் காப்பு அமைப்பையே நம்புகிறது.

இனி, வால்வும் இரும்புத் தடையும் ஏற்கெனவே செயலிழந்துவிட்ட மிஷினில் லிமிட் சுவிட்சின் ரோலரையும் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கேட் எப்போதும் மூடியிருப்பதாக மிஷின் நினைத்துக்கொள்ளும். கேட்டை இழுத்து மூடினால்தான் அடுத்த ஷாட் என்றிருந்தது மாறி, டைமர் சொல்லும்போது அடுத்த ஷாட் என்றாகிறது. டெர்மினல் பிளாக்குக்குப் பித்தளை இன்சர்ட் வைக்கும் வேலையில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கை உள்ளே போயாக வேண்டும். முன்பு கை வெளியே வரும்வரை மிஷின் காத்திருந்தது. இப்போது மிஷின் மூடுவதற்குள் கை வெளியே வந்தாக வேண்டும். முப்பது விநாடிக்கு ஒரு ஷாட் என்றால் 12 மணி நேர ஷிஃப்டில் 1,440 முறை இந்தப் பந்தயம் ஓட வேண்டும். 1,439 முறை ஜெயித்தவனைத் திறமைசாலி என்கிறோம். ஒருமுறை தோற்றால் கவனமில்லாதவன் என்கிறோம்.

கேட்டைக் கட்டுவதால் மிச்சமாகும் நேரம் ஷாட்டுக்கு இரண்டு விநாடி என்றே வைத்துக்கொள்வோம். ஷிஃப்டுக்கு நூறு ஷாட் கூடக் கிடைக்கும். அந்த இரண்டு விநாடியை வேறு இடத்திலும் எடுக்கலாம். ஒரு சைக்கிளில் பாதிக்கு மேல் டை ஆறுவதற்கே போகிறது. உப்புப் படியும் போர் தண்ணீரை டையின் கூலிங் துளைகளில் விட்டு, உள்ளே சுண்ணாம்பு படிந்து, ஆறும் நேரம் கூடிக்கொண்டே போவதை யாரும் பார்ப்பதில்லை. துளையைக் கழுவி, நல்ல தண்ணீரைச் சுற்றவிட்டால் கிடைக்கும் விநாடிகளை, விரலைப் பணயம் வைத்துச் சம்பாதிக்கிறோம்.

"கம்பி கட்டுவது அந்தப் பசங்கதானுங்க" என்பார்கள். சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் ஷாட் கணக்குக்குக் கூலி என்று வைத்தது யார்? தூசி படிந்து, எண்ணெய் ஊறி, மாதக்கணக்காக அதே இடத்தில் இருக்கும் கம்பியைத் தினமும் கடந்து போகிற சூப்பர்வைசரின் கண்ணுக்கு மட்டும் அது ஏன் தெரியவில்லை? இரும்புத் தடையைக் கழற்றி மூலையில் சாய்த்து வைக்க ஸ்பேனர் வேண்டும், நேரம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்து பத்து நாளான ஒடிசாக்காரப் பையன் அதைத் தானாகச் செய்வதில்லை.

அடுத்தது, மிஷினை நிறுத்திவிட்டால் ஆபத்து போய்விட்டது என்ற நம்பிக்கை. முன்னதன் தம்பி இது.

கரண்ட் போகிறது. பேரலுக்குள் 200 டிகிரிக்கு மேல் உருகிய சரக்கு அப்படியே நிற்கிறது. நுனியிலிருக்கும் நாசில் முதலில் ஆறி அடைத்துக்கொள்கிறது. கரண்ட் வந்ததும் ஹீட்டர்கள் எரிகின்றன. பேரல் சூடேறிவிட்டது, நாசில் இன்னும் ஏறவில்லை. சரக்கு வரவில்லையே என்று ஆபரேட்டர் வெப்பத்தைக் கூட்டுகிறார். உள்ளே வெகுநேரம் வெந்த சரக்கு சிதைந்து வாயுவாகிறது. அசிட்டால் என்றால் அந்த வாயு ஃபார்மால்டிஹைடு, அழுத்தமும் வேகமாக ஏறும். அடைப்பு திடீரென்று விடும்போது உருகிய பிளாஸ்டிக் பீறிட்டு வரும். அந்த நேரத்தில் நாசிலுக்கு எதிரே குனிந்து பார்ப்பவர் கவனமில்லாதவர் அல்ல, அளவுக்கு மீறிக் கவனமாகப் பார்க்கிறவர். அவருக்குத் தேவைப்பட்டது அறிவுரை அல்ல. நாசிலை முதலில் சூடேற்று, பர்ஜ் கார்டை மூடு, முகத்தை எதிரே கொண்டுபோகாதே, நாற்றமும் புகையும் வந்தால் ஹீட்டரை அணைத்துவிட்டு விலகு என்று யாரோ எழுதி ஒட்டியிருக்க வேண்டிய நான்கு வரிகள்.

எண்ணெயும் அப்படித்தான். அக்யூமுலேட்டர் உள்ள மிஷினில் மோட்டார் நின்ற பிறகும் அழுத்தம் உள்ளே நிற்கும். ஓடும்போது ஹோஸில் இருப்பது 140 பார் போல. ஊசி முனையளவு ஓட்டையில் கசியும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது சின்னப் புள்ளி, முதலில் வலியும் அதிகமில்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தால், உள்ளே தசை அழுகி விரலை எடுக்கும்படி ஆகலாம். அந்தப் புள்ளியோடு சில மணி நேரத்துக்குள் கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். கை அறுவை சிகிச்சைக்கு உலக அளவில் பேர் பெற்ற கங்கா மருத்துவமனை இருக்கிற ஊர் இது. அங்கே போக வேண்டிய காயம் இது என்று பட்டறையில் யாரும் சொல்லித் தராததுதான் குறை. கசிவைத் தேட அட்டைத்துண்டு போதும், கை வேண்டாம்.

எல்லா ஆபத்தும் ஒன்றாகக் கூடுவது டை மாற்றும் நேரத்தில். 35 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் கனம் உள்ள சின்ன டையே ஏறத்தாழ 290 கிலோ. எம்16 ஐ போல்ட் நேர்குத்தாகத் தூக்கினால் 700 கிலோ தாங்கும் என்பது புத்தகக் கணக்கு. அது காலர் வரை திருகியிருந்தால் மட்டுமே. நான்கு மரையில் நிற்கும் போல்ட்டுக்கும், பக்கவாட்டில் இழுபடும் போல்ட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையை மாட்டாமல் ஒரு பாதியில் மட்டும் செயினைக் கோத்துத் தூக்கினால், டை சாயும்போது மறு பாதி கைடு பின்னிலிருந்து வழுக்கிவிடும். கீழே செட்டரின் கால் இருக்கும். டிஎம்சி, பேக்கலைட் டை என்றால் அது 150 டிகிரிக்கு மேல் சூட்டில் ஓடியது. ஆறட்டும் என்று காத்திருக்க ஆர்டர் விடாது, பிளேட்டனில் முழங்கை பட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

முறை ஒன்றும் ரகசியமில்லை. பட்டை மாட்டிய டையைத் தூக்கி இறக்கி, லொகேட்டிங் ரிங்கை நிலையான பிளேட்டனில் உட்காரவைத்து, அந்தப் பாதியைக் கிளாம்பு போட வேண்டும். செட்டப் வேகத்தில் மெதுவாக மூடித் தொடவைத்து, மோட்டாரை நிறுத்தி, மெயினைப் பூட்டி, சாவியைச் செட்டர் தன் பையில் போட்டுக்கொண்டு, மறு பாதியை இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் செயினைத் தளர்த்தி, பட்டையைக் கழற்றலாம். சாவி பையில் இல்லாவிட்டால், டை பார்களுக்கு நடுவே தலையை விட்டிருக்கும் செட்டரின் உயிர் பேனல் பக்கத்தில் நிற்கும் ஹெல்பரின் விரலில் இருக்கிறது. "கொஞ்சம் தள்ளு" என்றது "கொஞ்சம் மூடு" என்று காதில் விழுந்தால் போதும். அமெரிக்கா 1989இலேயே இப்படிப் பூட்டுவதைச் சட்டமாக்கியது. பூட்டு ஒன்றின் விலை என்ன என்று எந்த ஹார்டுவேர் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டையின் கனம் மாறினால், பல மிஷின்களில் இரும்புத் தடையின் கம்பியையும் அதற்கேற்பத் திருகி வைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தடை மாட்டாது, அல்லது இடிக்கும். இடிக்கிறதே என்று கழற்றி வைப்பார்கள். மூன்று காப்புகளில் ஒன்று அன்றே போயிற்று. மறுநாள் காலை கேட்டுக்குள் கைவிடுகிற ஆபரேட்டருக்கு அது தெரியாது. அவர் எவ்வளவு கவனமாக இருந்தும் என்ன பயன்?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவில், மிஷின் ஓடும்போது காப்பு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று சொன்னது. தொழிலாளி கவனமாக இருந்தால் காப்பு வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஆனால் மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால்தான் அந்தச் சட்டம் உள்ளே வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை இருபதாக உயர்த்தியது. எட்டுப் பேர் வேலை செய்யும் ஷெட்டில் இன்ஸ்பெக்டரும் இல்லை, பத்துப் பேரைக் கேட்கும் இஎஸ்ஐயும் பெரும்பாலும் இல்லை.

மிஞ்சுவது இழப்பீட்டுச் சட்டம். ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீத உழைப்புத் திறன் இழப்பு என்று 1923ஆம் ஆண்டின் சட்ட அட்டவணை சொன்னது. அதே சட்டம், தெரிந்தே காப்பை அகற்றிய தொழிலாளிக்கு, சாவோ முழு முடமோ இல்லாதபோது, முதலாளி கொடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. 'பாத்துப் பண்ணியிருக்கணும்' என்ற வாக்கியத்தின் பண மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. அவன்தான் கம்பி கட்டினான் என்று நிறுவிவிட்டால், நான்கு விரலுக்கு ஒரு பைசா கொடுக்காமல் தப்பிக்கலாம்.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது கேட்டைத் திறந்து வைத்து, யாரையும் பக்கத்தில் நிற்கவிடாமல், டையை மூடும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிளேட்டன் அசையக் கூடாது. பின்பக்கத்து கேட்டைத் திறந்து பாருங்கள், மோட்டார் நிற்க வேண்டும். இரும்புத் தடை அதன் பல்லில் விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் சரிசெய்யும்வரை அந்த மிஷின் ஓடக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாத முதலாளிக்கு, விரல் போனவனைப் பார்த்துக் கவனத்தைப் பற்றிப் பேச உரிமை கிடையாது.