ஒரு வீட்டில் இரண்டு மரக்கால்

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே, வீராணம் ஏரிப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு ஆறு படங்களை அனுப்பியிருக்கிறார். பழைய வீட்டை இடித்துக் கட்டும் முன் பரணை ஒழித்தார்களாம். அங்கே பித்தளைப் பாத்திரங்கள் சிலவும், இரும்புப் பூண் போட்ட மரப் பாத்திரங்கள் இரண்டும் கிடைத்தன. ஊர் ஊராகப் போய்ப் பழஞ்சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, "இரண்டும் மரக்கால் ஜோடி, ஒரே தச்சன் கடைந்தது" என்று சொல்லி விலையும் பேசிவிட்டார். "இவை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் கொடுக்க மனம் வரவில்லை. படத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?" என்று அன்பர் கேட்கிறார்.

பெயரைச் சொல்லிவிடலாம், அளவைச் சொல்லுவதுதான் கஷ்டம். ஆனால் இந்த வீட்டுக் கதையில் அளவுதான் முக்கியமாகப் போயிற்று.

முதலில் பெயரைப் பார்ப்போம். பழைய பித்தளைச் சாமான்களில் எது அளக்கும் பாத்திரம், எது சமைக்கவும் தண்ணீர் வைக்கவும் ஏற்பட்டது என்று அறிய விளிம்பைப் பார்த்தாலே போதும். தவலைக்குக் கழுத்து உண்டு. அதன் வாய் வெளியே மடிந்திருக்கும். அண்டாவின் விளிம்பும் தூக்குவதற்குத் தோதாகப் புரண்டிருக்கும். அளக்கும் பாத்திரத்தில் அப்படி இருக்கலாகாது. தானியத்தைக் கொட்டி, ஒரு கோலை விளிம்பின்மேல் இழுத்துத் தலை வழிக்கவேண்டும் அல்லவா? ஆகையால் படியின் வாய் நேராகவும் சமமாகவும் இருக்கும். உடம்பும் ஏறக்குறைய நேராக நிற்கும். அன்பர் "செம்பு" என்று எழுதி அனுப்பிய மூன்றாம் படத்தில் இருப்பது, இந்தக் கணக்கின்படி, ஒரு பித்தளைப் படி.

அந்தப் படியின் பக்கத்தில் புள்ளி புள்ளியாக எழுத்துக்கள் வெட்டியிருக்கின்றன. இதைச் சர்க்கார் முத்திரை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது பாத்திரக் கடையில் உளியால் வெட்டிக் கொடுத்த பெயர். உடையவருடைய பெயரின் முதலெழுத்துக்கள். முத்திரை என்பது சிறியதாய், ஒரே அடியில் ஆழமாய்ப் பதிந்ததாய் இருக்கும். அன்பரை அடியையும் விளிம்பையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னோம். அடியில் முத்திரை இருந்தது. அதனால் மற்றவற்றைச் சோதிக்க வீட்டிலேயே நமக்கு ஓர் உரைகல் கிடைத்தது. அதில் தண்ணீர் விட்டு அளந்ததில் 1,700 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடித்தது. சென்னைப் பட்டணத்துப் பெரிய படியை ஒட்டிய அளவு அது. எட்டு ஆழாக்குச் சேர்ந்தது ஒரு படி.

இனி மரக்கால்களுக்கு வருவோம். மரக்கால் என்ற பெயரைக் கேட்டதும் அளவு தெரிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. சென்னையில் எட்டுப் பட்டணம் படி சேர்ந்தது ஒரு மரக்கால். தஞ்சைப் பக்கத்திலோ பன்னிரண்டு மரக்கால் கொண்ட ஒரு கலத்துக்கு இருபத்து நான்கே பட்டணம் படி. அதாவது இரண்டு படிக்கு ஒரு மரக்கால். ஒரே பெயர், நான்கு மடங்கு வித்தியாசம்! இது இன்று நேற்று வந்த குழப்பமும் அல்ல. முதலாம் இராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் சாஸனங்களில் நெல்லைக் குறிப்பிடும்போது, 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்று பெயர் சொல்லி, அது 'இராசகேசரி'க்கு ஒத்தது என்றும் எழுதி வைத்தார்கள். எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் பின்னால் தகராறு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

படத்தைப் பார்த்து அளவை ஊகிப்பதிலும் ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. ஒரே வடிவமுள்ள இரண்டு பாத்திரங்களில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உயரத்தில் இரு மடங்காக இராது. நாலில் ஒரு பங்குதான் அதிகமாக இருக்கும். கைப்பேசியைச் சற்று அருகில் பிடித்தால் அந்தக் கால் பங்கு வித்தியாசம் படத்தில் மறைந்தே போய்விடும். வெளியிலிருந்து எடுத்த படத்தினால் உட்புறம் எவ்வளவு என்பதும் தெரியாது. ஆகவே அன்பருக்கு நாம் எழுதிய யோசனை இது: விளிம்பின்மேல் ஓர் அடிக்கோலைக் குறுக்காக வைத்து, நேர் மேலேயிருந்து ஒரு படம், ஒரு குச்சியை உள்ளே நிறுத்தி, விளிம்பு வரை அடையாளமிட்டு, அதை அடிக்கோலின் பக்கத்தில் வைத்து ஒரு படம், பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்புறம் ஒரு படம், வெளிச்சம் உள்ளே விழும்படி சாய்த்து, உள்ளடி தெரிய ஒரு படம்.

அன்பர் இரண்டு மரக்கால்களுக்கும் அவ்வாறே செய்து அனுப்பினார். வெளி உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான். உள்வாயின் விட்டமும் இரண்டுக்கும் 16½ சென்டிமீட்டர். ஆனால் குச்சியில் விழுந்த அடையாளம் ஒன்றில் 16 சென்டிமீட்டர், மற்றதில் 15. ஒரு விரற்கிடைக்கும் குறைவான இந்த வித்தியாசத்தை வியாபாரியும் கவனிக்கவில்லை; வீட்டாரும் கவனிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விட்டத்தில் பாதி 8¼. அதை அதனாலேயே பெருக்கி, 22/7ஆல் பெருக்கினால் வாயின் பரப்பு சுமார் 214 சதுர சென்டிமீட்டர். பதினாறு ஆழத்துக்கு 3,424 மில்லிலிட்டர். பதினைந்து ஆழத்துக்கு 3,210. முன்னது சரியாக இரண்டு படி. பின்னது அதில் ஓர் ஆழாக்குக் குறைவு. கணக்கை மட்டும் நம்பாமல் அரிசியாலும் அளந்து பார்க்கச் சொன்னோம். மரத்தில் தண்ணீர் விட்டால் ஊறி வெடிக்கும். எனவே அரிசிதான் ஏற்றது. ஒரே அரிசியை, ஒரே உயரத்திலிருந்து, குலுக்காமல் கொட்டித் தலை வழிக்கவேண்டும். குலுக்கினால் தானியம் இறங்கி அளவு மாறிவிடும். கோபுரமாகக் குவித்தால் இன்னும் மாறும். முதல் மரக்காலில் முத்திரைப் படியால் இரண்டு படி அரிசி சரியாக அடங்கிற்று. இரண்டாவதில் ஏறக்குறைய ஓர் ஆழாக்கு மிஞ்சியது.

ஓர் ஆழாக்குத்தானே என்று தோன்றலாம். ஒரு கலம் அளக்கப் பன்னிரண்டு முறை கை நிறைகிறது. பன்னிரண்டு ஆழாக்கு என்றால் ஒன்றரைப் படி. கலத்துக்கு ஒன்றரைப் படி வீதம் ஓர் அறுவடை முழுவதும் குறைந்தால், கூலிக்காரர் குடும்பத்துக்கு அது எத்தனை வேளைச் சாப்பாடு என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஆனாலும் குறைவாக இருப்பதனாலேயே அதைக் கள்ள மரக்கால் என்று சொல்லிவிடக்கூடாது. கொள்ளிடத்துக்கு அப்பாலிருந்து மணமாகி வந்த பெண்ணின் சீரோடு வேற்றூர் மரக்கால் ஒன்று வந்திருக்கலாம். தச்சன் கை தவறி அடியைக் கனமாக விட்டிருக்கலாம். அடி உளுத்துப்போய், ஒட்டுப் போட்டிருக்கலாம். இந்த மூன்றையும் கழித்த பிறகுதான் சந்தேகப்பட நமக்கு உரிமை உண்டு.

இதற்குப் பதில் கடைசி இரண்டு படங்களில் இருந்தது. மரத்தண்டைக் குடைந்து செய்த மரக்காலின் அடியில், மரத்தை அறுத்தால் தெரிவதுபோல வட்ட வட்டமான வளையங்கள் தெரியும். முதல் மரக்காலின் உள்ளடியில் அவை இருக்கின்றன. இரண்டாவதன் உள்ளடியில் வளையம் இல்லை. பலகையில் உள்ளதுபோல் நீளவாட்டில் கோடுகள் ஓடுகின்றன. சுவரும் அடியும் சேரும் இடத்தில் சுற்றிலும் மயிரிழை போன்ற ஒரு கறுப்புக் கோடு. அதாவது ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள வட்டப் பலகை ஒன்றை உள்ளே இறுக்கி வைத்திருக்கிறார்கள். தச்சன் கை தவறியதானால் ஒட்டு இராது. வேற்றூர் மரக்காலானாலும் ஒட்டுக்கு அவசியம் இல்லை. உளுத்த அடிக்குச் செய்த மராமத்தோ என்றால், கவிழ்த்து எடுத்த படத்தில் வெளியடி வெடிப்பில்லாமல், வளையங்கள் தெளிவாக, உறுதியாக இருக்கிறது. நல்ல அடிக்கு எதற்கு ஒட்டு? அளவைக் குறைப்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என்று மரக்கால் வைத்திருந்த வீடுகளைப் பற்றிக் காவிரிப் பாசனப் பகுதியில் வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1940-களில் தஞ்சை ஜில்லாவின் கிழக்குப் பகுதியில் பண்ணையாட்களும் குத்தகைக்காரர்களும் நடத்திய கிளர்ச்சியில், முத்திரையிட்ட மரக்காலால் அளக்கவேண்டும் என்பது ஒரு கோரிக்கையாகவே இருந்தது. ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பதற்கு அந்த ஒரு சென்டிமீட்டர்ப் பலகையைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகள் வந்தபின் படியும் மரக்காலும் சட்டத்தின் கணக்கிலிருந்து நீங்கின. பாத்திரங்கள் பரண் ஏறின.

இவ்வளவையும் அன்பருக்கு எழுதினோம். எழுதும்போது நமக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. பலகையை வைத்தவர் அவருடைய பாட்டனாரா, பாட்டனாருக்குத் தெரியாமல் காரியஸ்தர் எவரேனும் செய்ததா என்பதை மரம் சொல்லாது. குறைத்திருக்கிறது என்பது வரையில்தான் அது சாட்சி.

அன்பரின் பதில் சென்ற வாரம் வந்தது. மரக்கால்களை விற்கவில்லையாம். பலகையைப் பெயர்த்துவிடலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது, அவர் மறுத்துவிட்டார். "எங்கள் வயலில் மூன்று தலைமுறையாக வேலை செய்த குடும்பத்துப் பெரியம்மாள் ஒருவர் இன்னும் இருக்கிறார். இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். விரலால் உள்ளே தொட்டுப் பார்த்துவிட்டு, 'இதுதான் எங்களுக்கு அளந்த மரக்கால், தம்பி' என்று குறைந்ததைக் காட்டினார்" என்று எழுதியிருக்கிறார்.

புது வீட்டுக் கூடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறாராம். குறைந்ததன் பக்கத்தில் அந்தக் குச்சியையும் வைக்கும்படி நாம் எழுதியிருக்கிறோம்.