ஓடிக்கொண்டே ஒரு மிடறு

உங்கள் பிள்ளை மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாரா? ஓடப் பழகும் பிள்ளைகள் பலர், ஓடிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் பழகுவதில்லை. பாதையோர மேசையில் கோப்பையை எடுத்து அண்ணாந்து வாயில் ஊற்றினால், பாதி மூக்கில் ஏறும், மீதி புரையேறும்.

விழுங்கும் கணத்தில் மூச்சு தானாக நின்றுவிடும். ஓடுபவருக்கோ அடுத்த மூச்சு உடனே வேண்டும். வாய் நிறையத் தண்ணீருடன் மூச்சை இழுத்தால், தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். புரையேறுவது அதனால்தான்.

மேசையின் தொடக்கத்தில் நெரிசல் இருக்கும். ஆகவே கடைசிப் பக்கம் நிற்பவரைப் பார்த்துக் கையைக் காட்டி, சற்று வேகம் குறைத்துக் கோப்பையை வாங்க வேண்டும். கடதாசிக் கோப்பையென்றால் வாய்ப்பகுதியை விரல்களால் நெரித்தால் கெண்டியின் மூக்குப்போல் குவியும், தண்ணீரும் சிந்தாது. அதை வாயோரம் வைத்து, மூச்சை வெளியே விட்டபின் ஒரு சிறு மிடறு. பிறகு இரண்டு மூன்று மூச்சு. மீண்டும் ஒரு மிடறு. நிமிர்ந்து அண்ணாந்துவிடக் கூடாது.

பிளாஸ்டிக் கோப்பை நெரித்தால் வெடிக்கும். அதற்கு உள்ளங்கையால் மேலே மூடி, ஓரத்தில் சிறு இடைவெளி விட்டுக் குடிக்கலாம்.

முற்றத்தில் அரைக் கோப்பைத் தண்ணீருடன் சில நாள் ஓடிப் பழகட்டும். அப்படியும் இருமல் வந்தால் ஓரமாக நடந்து, இருமி முடித்தபின்பே ஓட வேண்டும். பத்து எட்டு நடந்து குடிப்பதால் போவது சில விநாடிகள்தான். புரையேறினால் போவது அதைவிட அதிகம்.