தாளில் மட்டும் ஆறு மணி நேர ஓய்வு

பெரிய கப்பல்களில் வழக்கமாக மூன்று அதிகாரிகள் முறைவைத்து ‘வாட்ச்’ பார்ப்பார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. நாளுக்கு 8 மணி நேரம். கடலில் ஞாயிறு விடுமுறை கிடையாது. ஆகவே வாரத்துக்கு 56.

சில சிறிய சரக்குக் கப்பல்களிலோ கப்பல் தலைவரும் ஒரு துணை அதிகாரியும் மட்டுமே வாட்ச் பார்க்கிறார்கள். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. வாரத்துக்கு 84! அனைத்துலக விதி கேட்பது வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வுதான். 168இல் அதைக் கழித்தால் 91 மிஞ்சும். ஆக, 84 சட்டப்படி சரி.

ஆனால் அதே விதி, 24 மணி நேரத்துக்குள் எடுக்கும் ஓய்வில் ஒரு பகுதியாவது இடைவிடாமல் ஆறு மணி நேரம் நீடிக்க வேண்டும் என்கிறது. நண்பகல் 12 மணிக்கு வாட்ச் முடிகிறது. அருகில் வரும் கப்பல்களைப் பற்றி அடுத்தவரிடம் விளக்கிப் பொறுப்பை ஒப்படைக்கப் பத்து நிமிடம் ஆகிறது. மாலை 6 மணிக்கு மீண்டும் வாட்ச். கிடைத்த ஓய்வு 5 மணி 50 நிமிடம். நள்ளிரவிலும் இதே கதை. பதிவேட்டில் மட்டும் ‘12 முதல் 6 வரை ஓய்வு’ என்றிருக்கும். சாப்பாடும் குளியலும் போக, தூக்கம் எவ்வளவு?

இம்முறையை அனுமதிக்கவே கூடாது என்பேன். மூன்றாவது அதிகாரி ஒருவரைச் சேர்த்தால் 84, 56 ஆகிவிடும். செலவு ஒரு சம்பளம்.